பார்ட்டின் தலையில் ஒன்பது முனை... எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கார்ட்டூன் முகம் மாறாமல் இருப்பதன் ரகசியம்!

மஞ்சள் நிறத்தில் ஒரு தொப்பைக்காரர். முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அப்படியே பின்னால் நகர்ந்து, பச்சைப் புதருக்குள் மறைந்துபோவார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது சங்கடமான கேள்வி கேட்டுவிட்டால் உடனே வந்து விழும் மீம் இது. அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 1994-ல் வந்த ஒரு சில விநாடிக் காட்சி. தொடரை ஒரு நாள்கூடப் பார்க்காதவர்களுக்கும் அந்த முகம் தெரியும். பெயர் ஹோமர்.

இந்த ஹோமரை வரைந்தது யார்? 'மேட் க்ரோனிங்' என்று கூகுள் சொல்லும். பாதிதான் உண்மை. அவர் உருவாக்கியவர். திரையில் நாம் பார்க்கும் ஹோமரை வரைந்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் சிலர், தென்கொரியாவில் பலர். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராதவர்கள். ஆனாலும் எந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தாலும் ஹோமர் ஹோமராகவே இருக்கிறார்.

அது எப்படி என்பதற்கான பதில், ஒரு கட்டுக் காகிதத்தில் இருக்கிறது.

ஒரு எபிசோடுக்கு எத்தனை படம்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம்கள். 22 நிமிட எபிசோடு என்றால் மொத்தம் 31,680 ஃப்ரேம்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப் படம் வரைவதில்லை. ஒரே படத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு வைத்துக்கொள்வது டி.வி அனிமேஷனில் வழக்கம். அப்படிப் பார்த்தாலும் 15,840 படங்கள். பாத்திரம் அசையாமல் நிற்கும் இடங்களில் இந்த எண்ணிக்கை குறையும். ஒரே காட்சியில் நான்கு பேர் இருந்தால் கூடும்.

ஒருவரே உட்கார்ந்து இதை வரைய முடியாது. பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். பிரித்துக் கொடுத்ததும் பிரச்னை ஆரம்பமாகிறது. ஒரே கோலத்தை ஒரு தெருவில் பத்துப் பேர் போட்டால், பத்தும் ஒன்றுபோலவா இருக்கின்றன? புள்ளிக்கணக்கு ஒன்றுதான். ஆனால் ஒருவர் கை நெருக்கமாகப் போடும், இன்னொருவர் கை வளைவைப் பெரிதாக இழுக்கும். படம் வரைபவர்களின் கையும் அப்படித்தான்.

மூன்று பேர் வரைந்த காலம்

சிம்ப்சன்ஸ் குடும்பம் முதன்முதலில் டி.வி-யில் தலைகாட்டியது 1987 ஏப்ரலில். 'தி ட்ரேசி உல்மன் ஷோ' என்ற நிகழ்ச்சியின் இடையில் வரும் குட்டிக் குட்டிப் படங்களாக. அப்போது வரைந்தவர்கள் மூன்றே பேர். டேவிட் சில்வர்மேன், வெஸ் ஆர்ச்சர், பில் காப்.

க்ரோனிங் அவர்களிடம் கொடுத்தது அவசரமாகக் கிறுக்கிய ஸ்கெட்ச். 'அனிமேட்டர்கள் இதைச் சரிசெய்து அழகாக வரைந்துகொள்வார்கள்' என்று நினைத்துக் கொடுத்தார். அவர்களோ அந்தக் கோடுகளின் மேலேயே அப்படியே வரைந்துவிட்டார்கள்! இன்று யூடியூபில் அந்தப் பழைய படங்களைப் பார்த்தால் ஹோமரின் முகம் கோணலாக, தாடை ஒரு காட்சியில் நீளமாக, இன்னொன்றில் குட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

ஒன்றிரண்டு நிமிடப் படத்துக்கு அது பரவாயில்லை. மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 1989-ல் இதை அரை மணி நேரத் தொடராக மாற்றியபோது, அந்த வழி எடுபடவில்லை. வரையும் மேஜைகளில் பெரும்பாலானவை கடல் கடந்து கொரியாவில் இருந்தன.

மாடல் ஷீட் என்றொரு ஜாதகம்

அனிமேஷன் ஸ்டுடியோக்கள் இதற்காக வைத்திருக்கும் காகிதக் கட்டுக்கு மாடல் ஷீட் என்று பெயர். ஒரு பாத்திரத்தின் ஜாதகம் என்று சொல்லலாம். புதிதாக வேலைக்குச் சேரும் ஓவியருக்கு முதலில் கையில் கிடைப்பது இதுதான். வரையும்போதும் கண்ணெதிரே ஒட்டிவைத்திருப்பார்.

அதன் முதல் பக்கத்தில் பாத்திரம் நான்கைந்து முறை வரிசையாக நிற்கும். நேராக, முக்கால்வாசித் திரும்பி, பக்கவாட்டில், முதுகைக் காட்டி. எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு குறுக்கே கோடுகள் ஓடும். கண் இந்தக் கோட்டில், தோள் இந்தக் கோட்டில், முழங்கால் இந்தக் கோட்டில் என்று. பாத்திரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த உயரங்கள் மாறக் கூடாது. டெய்லர் வெட்டிவைத்திருக்கும் அளவு அட்டைபோல இது.

அடுத்த பக்கத்தில் முகபாவனைகள். சிரித்தால், கோபப்பட்டால், அழுதால் எப்படி. அதற்கடுத்து வாய். 'ஆ' சொல்லும்போது, 'ஊ' சொல்லும்போது, உதடு மூடியிருக்கும்போது என்று வாயின் வடிவங்களை வரிசையாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ கொடுத்திருப்பார்கள். வசனத்தின் எந்த நொடியில் எந்த வாய் என்பதை வேறொரு அட்டவணை சொல்லும். கொரியாவில் இருக்கும் ஓவியருக்கு ஆங்கிலமே தெரியாவிட்டாலும் வாய் சரியாக அசையும்.

இன்னொரு பக்கத்தில் எல்லோரும் பள்ளிக்கூட குரூப் போட்டோபோல நிற்பார்கள். யார் யாரை விட எவ்வளவு உயரம் என்பதற்காக. ஹோமரின் மனைவி மார்ஜுக்கு வானளாவிய நீலக் கொண்டை. பக்கத்தில் நிற்கும் ஹோமரைத் தாண்டி அது எவ்வளவு உயர வேண்டும் என்பதை ஓவியர் ஊகித்துக்கொண்டிருக்க முடியாது.

ஒன்பது... எட்டும் இல்லை, பத்தும் இல்லை!

மாடல் ஷீட்டில் இருக்கும் விதிகள் எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஹோமரின் மகன் பார்ட் நல்ல உதாரணம். அவன் தலைமுடி தனியாக வரையப்படுவதில்லை. தலையின் மேல்விளிம்பே ரம்பப் பல்போல முனை முனையாக இருக்கும். அந்த முனைகள் ஒன்பது. எட்டு போட்டாலும் தவறு, பத்து போட்டாலும் தவறு.

பார்ப்பவர்கள் யாரும் எண்ணப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தக் கெடுபிடி? எண்ணாவிட்டாலும் கண் கவனிக்கும் என்பதுதான் காரணம். ஒரு படத்தில் எட்டு முனை, அடுத்த படத்தில் பத்து என்று மாறினால், விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள் ஓடும்போது தலை உச்சி கொதிக்கும் தண்ணீர்போலத் துடிக்கும். 'ஏதோ சரியில்லை' என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். என்ன சரியில்லை என்றுதான் சொல்லத் தெரியாது.

ஹோமருக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. உச்சந்தலையில் இரண்டே முடி. காதுக்கு மேலே ஆங்கில 'எம்' எழுத்துபோல ஒரு வளைகோடு. ஆரம்பத்தில் காதையும் 'ஜி' எழுத்துபோல வரைந்தார் க்ரோனிங். இரண்டும் சேர்ந்தால் அவருடைய இனிஷியல். ஆனால் காது பார்ப்பவர்களின் கவனத்தைத் திருப்புகிறது என்று தோன்றவே, அதைச் சாதாரணக் காதாக மாற்றிவிட்டார். தன்னுடைய கையெழுத்தா, பாத்திரத்தின் முகமா என்று வந்தபோது முகத்துக்குத்தான் இடம்!

இருட்டிலும் தெரிய வேண்டும்

கட்டுப்பாடு எவ்வளவு இருந்தாலும், வடிவம் முதலிலேயே தெளிவாக இல்லாவிட்டால் பயனில்லை. அதற்கு க்ரோனிங் வைத்திருந்த சோதனை எளிமையானது. பாத்திரத்தின் மேல் முழுக்கக் கறுப்பு மை பூசிவிட்டால், நிழலை மட்டும் பார்த்து யார் என்று சொல்ல முடிய வேண்டும். ரம்பத் தலை என்றால் பார்ட். தூண்போன்ற கொண்டை என்றால் மார்ஜ். நட்சத்திரம்போல விரிந்த தலை என்றால் தங்கை லிசா.

இந்தச் சோதனையில் ஓவியர்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. நூறு பேர் வரையும்போது மூக்கின் வளைவில் கொஞ்சம், கையின் பருமனில் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். நிழல் வடிவம் அழுத்தமாக இருந்தால் அந்தச் சின்ன வித்தியாசங்களைக் கண் மன்னித்துவிடும்.

அடுத்தது நிறம். மஞ்சள் தோலைத் தேர்ந்தெடுத்தவர் யோர்கி பெலூசே என்ற வண்ணக் கலைஞர். பார்ட், லிசா, குட்டிக் குழந்தை மேகி மூவருக்கும் நெற்றி எங்கே முடிகிறது, முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடே கிடையாது. தோலுக்குச் சாதாரண நிறம் கொடுத்தால், முடியும் அதே நிறமாகி விநோதமாக இருக்கும். மஞ்சள் என்றால் முடி என்றும் கொள்ளலாம், தோல் என்றும் கொள்ளலாம். ரிமோட்டை அழுத்திக்கொண்டே சேனல் மாற்றுகிறவர்கள்கூட, மஞ்சள் பளிச்சிட்டதும் 'இது சிம்ப்சன்ஸ்' என்று தெரிந்துகொள்வார்கள் என்பதால் க்ரோனிங்குக்கும் அது பிடித்துப்போனது.

ஒரு வண்ணம் தப்பினால்...

கோட்டுக்கு மாடல் ஷீட் இருப்பதைப்போல நிறத்துக்கும் தனிப் படம் உண்டு. கலர் மாடல் என்பார்கள். சட்டைக்கு இந்த எண், தோலுக்கு இந்த எண், கண்வெள்ளைக்கு இந்த எண் என்று ஒவ்வொரு பகுதியிலும் பெயின்ட்டின் எண் குறித்திருக்கும். அந்தக் காலத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் முன்பக்கம் கோடும் பின்பக்கம் பெயின்ட்டுமாகக் கையால்தான் பூசினார்கள். பூசுகிறவருக்கு அந்த எண்தான் வேதவாக்கு.

எண் தப்பினால் என்ன ஆகும் என்பதை 1990 ஜனவரியில் வந்த ஓர் எபிசோடில் இன்றும் பார்க்கலாம். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸின் உதவியாளர் ஸ்மித்தர்ஸ், மற்ற எபிசோடுகளில் எல்லாம் மஞ்சள் தோல்காரர். முகம் காட்டிய முதல் எபிசோடில் மட்டும் கறுப்பினத்தவரைப்போலப் பழுப்பு நிறத்தில், நீலத் தலைமுடியோடு வருகிறார். வண்ணம் தவறிவிட்டது. கவனித்தபோது திருத்துவதற்குப் பணமும் நேரமும் இல்லை. அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது.

இது வெறும் வண்ணப் பிழை இல்லை. முதலாளியின் காலடியிலேயே கிடக்கும் ஒரு பாத்திரத்தைக் கறுப்பினத்தவராகக் காட்டினால் கதைக்கே வேறு அர்த்தம் வந்துவிடும். தயாரிப்புக் குழு அதை விரும்பவில்லை. அடுத்தடுத்த எபிசோடுகளில் சத்தமில்லாமல் மஞ்சளாக்கினார்கள். 'விடுமுறையில் வெயிலில் கறுத்துவிட்டார்' என்று பிற்பாடு வேடிக்கையாகச் சமாளித்துக்கொண்டார்கள்.

70 சதவிகிதம் குப்பை!

வடிவமும் சரி, நிறமும் சரி என்றாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தொடரையே அது மூடிவிட இருந்தது.

1989-ல், முதல் எபிசோடாகத் திட்டமிட்டிருந்த 'சம் என்சான்டட் ஈவ்னிங்', கொரியாவில் வரைந்து முடித்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு வந்து சேர்ந்தது. திரையிட்டுப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். பாத்திரங்கள் ரப்பர்போல வளைந்தன, நெளிந்தன. கதவைச் சாத்தினால் கதவே ஆடியது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸும் க்ரோனிங்கும் நினைத்திருந்தது வேறு. முகம் கார்ட்டூனாக இருந்தாலும் உலகம் நிஜமாக இருக்க வேண்டும், விழுந்தால் வலிக்க வேண்டும், கண் வெளியே தெறிக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

தவறு யாருடையது? கொரிய ஓவியர்களைக் குறைசொல்லிவிட முடியாது. ஹோமர் எப்படி இருப்பார் என்று காகிதம் சொன்னது. எப்படி அசைவார் என்பதில் லாஸ் ஏஞ்சலீஸிலேயே ஒரே கருத்து உருவாகியிருக்கவில்லை. கார்ட்டூன் என்றால் வளைந்து நெளிய வேண்டும் என்பதுதான் பல பத்தாண்டுகளாக எல்லோரும் பழகிய பாணி. வேறு மாதிரி சொல்லப்படாத இடத்தில் பழகிய கை பழகியதைத்தான் செய்யும்.

சுமார் 70 சதவிகிதத்தைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த எபிசோடான 'பார்ட் தி ஜீனியஸ்' இதேபோல வந்தால் தொடரையே கைவிடலாமா என்று யோசித்தார்கள். நல்லவேளையாக, அதில் எளிதில் சரிசெய்யக்கூடிய பிழைகள் மட்டுமே இருந்தன. இலையுதிர் காலத்தில் தொடங்க வேண்டிய தொடர் தள்ளிப்போய், 1989 டிசம்பர் 17 அன்று கிறிஸ்துமஸ் கதையுடன் தொடங்கியது. முதலாவதாக வர வேண்டிய எபிசோடு, திருத்தி முடிக்கப்பட்டு 1990 மே மாதம் முதல் சீஸனின் கடைசியாக வந்தது. இப்போது பார்த்தாலும் அதில் ஒரு காட்சியில் ஒரு முகம், அடுத்த காட்சியில் வேறு முகம் என்று ஒட்டுப்போட்டது தெரியும்.

முதல் படமும் கடைசிப் படமும்

இதுபோன்ற விபத்தைத் தடுக்கும் வேலையின் பெரும்பகுதி, படங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும். வசனம் பதிவானதும் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைவார்கள். அடுத்தது லே-அவுட். ஒவ்வொரு ஷாட்டிலும் பாத்திரம் எங்கே நிற்கிறது, எந்த நிலையில் தொடங்கி எந்த நிலையில் முடிக்கிறது, முகம் எப்படி மாறுகிறது என்ற முக்கியமான படங்களை லாஸ் ஏஞ்சலீஸிலேயே வரைந்துவிடுவார்கள். இயக்குநர் ஒவ்வொன்றையும் பார்த்து, மெல்லிய தாளை மேலே வைத்துத் திருத்துவார்.

ஹோமர் நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்த படம், கையை ஊன்றும் படம், எழுந்து நிற்கும் படம் மூன்றும் இங்கே தயார். இவற்றுக்கு இடையிலான படங்களைப் போட்டு, கோட்டைச் சுத்தமாக்கி, வண்ணம் பூசும் வேலைதான் கொரியாவுக்குப் போகிறது. கூடவே மாடல் ஷீட்டும், ஃப்ரேம் வாரியான அட்டவணையும் போகும். முதல் படமும் கடைசிப் படமும் சரியாக இருந்தால், நடுவில் கை வழி தவறும் தூரம் குறைவு.

எல்லாம் திரும்பி வந்ததும் மறுபடியும் ஷாட் ஷாட்டாகப் பார்ப்பார்கள். தவறியதற்கு 'ரீடேக்' என்று குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் அனுப்ப முடியாது. ஒளிபரப்புத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். எது கதையைக் கெடுக்கிறது, எது கண்ணில் படாமல் ஓடிவிடும் என்று அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். ஸ்மித்தர்ஸ் பழுப்பாக நின்றது இப்படித்தான்.

கம்ப்யூட்டருக்கும் கைகொடுத்த பொம்மை

1995-ல் ஒரு விசேஷ எபிசோடுக்காக ஹோமரையும் பார்ட்டையும் முப்பரிமாணத்தில் காட்ட நினைத்தார்கள். கம்ப்யூட்டர் அனிமேஷன் செய்ய வேறொரு ஸ்டுடியோ வந்தது. அவர்கள் மாட்டிக்கொண்ட இடம் பார்ட்டின் தலைமுடி.

காகிதத்தில் அந்த ஒன்பது முனை ஒரு கண்கட்டு வித்தை. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓவியர்கள் நம்மைப் பார்த்த விளிம்பில் அதே ரம்பப் பல்லைப் போட்டுவிடுவார்கள். மிக்கி மவுஸ் எப்படித் திரும்பினாலும் இரண்டு காதும் முழு வட்டமாகவே தெரிவதும் இதே வித்தைதான். ஆனால் கம்ப்யூட்டருக்குள் கட்டும் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். உச்சந்தலையில் அந்த முனைகள் எப்படி நிற்கின்றன என்று எந்த மாடல் ஷீட்டும் சொல்லியிருக்கவில்லை.

விடை எங்கே கிடைத்தது தெரியுமா? பொம்மையில்! வினைல் பார்ட் பொம்மை ஒன்று விற்பனைக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றை வாங்கி, அதன் தலையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் முடியை வடித்தார்கள். பழைய ஓவியர்கள் 'இந்தக் காட்சியை நாங்களாக இருந்தால் இப்படி வரைவோம்' என்று வரைந்தும் காட்டினார்கள்.

2002 முதல் கையால் வண்ணம் பூசுவது நின்று, கம்ப்யூட்டருக்கு மாறியது தொடர். இப்போது நிறம் தவறுவது அரிது. தவறினாலும் புதிதாகப் பூச வேண்டியதில்லை. ஆனால் கோட்டைப் போடுவது இன்னமும் மனிதக் கை. எனவே மாடல் ஷீட்டும் இருக்கிறது, ஒன்பது முனைக் கணக்கும் இருக்கிறது.

நீங்களே சோதிக்கலாம்

வீட்டில் குழந்தை தனக்குப் பிடித்த கார்ட்டூனை வரைந்துவிட்டு 'அவன் மாதிரியே இல்லை' என்று முகம் சுளிக்கிறதா? ஸ்டுடியோவில் செய்வதையே நீங்களும் செய்து பாருங்கள். படத்தைத் திருப்பி, காகிதத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் இடவலம் மாறியதும் பளிச்சென்று தெரியும். பிறகு தலை எத்தனை தடவை வைத்தால் உடம்பின் உயரம் வருகிறது என்று அளந்து அசலோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். கண்ணிலும் மூக்கிலும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பார்ட்டாக இருந்தால், முனைகளை எண்ணிவிடுங்கள். ஒன்பது!